கிறிட் லைன்: தூணுக்கு இடம் குறிக்கும் கோடு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீட்டுப் பிளான் ஒன்றை விரித்தால், சுவர்களுக்கு மேலாக நெடுக்கும் குறுக்குமாக ஓடி, வட்டங்களுக்குள் எழுத்தும் எண்ணும் தாங்கி நிற்கும் மெல்லிய கோடுகளைக் காணலாம். மேசன்மார் அதனைக் ‘கிறிட் லைன்’ என்கின்றனர். ஆங்கிலத்தில் ‘கிறிட்’ என்ற சொல், இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டைக் குறித்த ‘கிறிட்அயன்’ என்பதன் குறுக்கம். அதன் வேர் பின்னற் தட்டியைக் குறித்த இலத்தீன் சொல்லில் உள்ளது. இலங்கைக் கலைச்சொல் வழக்கில் இதற்கு ‘நெய்யரி’ என்ற சொல் உண்டு. நெய்யை வடிக்கும் அரிதட்டின் பெயர் அது என்பதால், இரு மொழிகளிலும் இச்சொல் அடுக்களையிலிருந்தே வந்திருக்கிறது.

எனினும், கட்டட வேலைக்கு நெய்யரி பொருந்தாது என்பது என் எண்ணம். அரிதட்டின் கண்கள் ஒரே அளவானவை. வீட்டின் கோடுகளோ தேவைக்கேற்ப நெருங்கியும் விலகியும் ஓடுபவை. அத்துடன், இங்கே வேலை செய்வது கட்டமன்று, கோடு. நெடுநல்வாடை அரண்மனைக்கு மனை வகுத்ததைச் சொல்லும்போது, ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’ என்கிறது. இன்றும் மேசன் குற்றி அறைந்து நூல்தான் கட்டுகிறார். ஆகவே தனிக்கோட்டை ‘அச்சுக்கோடு’ என்றும், கோடுகளின் தொகுதியை ‘தூண் அச்சுவலை’ என்றும் சொல்வது பொருந்தும்.

அச்சு என்ற சொல்லைத் தெரிவதற்குக் காரணம் உண்டு. இக்கோடு தூணின் நடுவால் செல்கிறது. எனவே இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள அளவு நடுவிலிருந்து நடுவுக்கான அளவேயன்றி, புழங்கும் உள்ளளவு அன்று. கீழே கார் நிறுத்துமிடமும் அதனருகே மாடிப்படியும் வரும் ஒரு மாடிவீட்டை எடுத்துக்கொள்வோம். தூண்கள் 9 அங்குலச் சதுரம், சுவர் 6 அங்குலச் சீமெந்துக் கல். காருக்குப் பொதுவாகக் கொள்ளும் இடம் ஏறத்தாழ 8 அடி அகலமும் 16 அடி நீளமுமாகும். ஆனால் இருபுறமும் தூணும் சுவரும் இருந்தால் கதவைத் திறந்து இறங்க 10 அடியாவது வேண்டும். அதனோடு இரு பக்கத் தூண்களின் பாதிப் பாதியான 9 அங்குலத்தைக் கூட்டினால், அ, ஆ ஆகிய கோடுகளுக்கு இடையே 10 அடி 9 அங்குலம் வருகிறது. நீளவாக்கில் அதே கணக்கு 16 அடி 9 அங்குலம்.

அடுத்த இடைவெளியை மாடிப்படி தீர்மானிக்கிறது. தளத்துக்குத் தளம் 10 அடி உயரமென்றால், 18 ஏற்றங்களாகப் பிரிக்கையில் ஒவ்வொன்றும் 6⅔ அங்குலம். இரண்டாக மடங்கும் படியில் ஒவ்வொரு வரிசைக்கும் 3 அடி, நடுவே 6 அங்குல இடைவெளி, ஆக உள்ளளவு 6 அடி 6 அங்குலம். ஆகவே ஆ, இ கோடுகளுக்கு இடையே 7 அடி 3 அங்குலம் வேண்டும். கல்லடியில் நான் பார்த்த ஒரு வீட்டில், பிளானிலிருந்த 6 அடி 6 அங்குலத்தை மேசன் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்துவிட்டார். உள்ளே எஞ்சியது 5 அடி 9 அங்குலம். ஒவ்வொரு படிவரிசையும் 2 அடி 7½ அங்குலமாகச் சுருங்கியது. அலுமாரியை மாடிக்கு ஏற்றக் கயிறுகட்டி பல்கனி வழியாக இழுக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணின் அருகே ‘உள்ளளவு’ என்ற ஒரு சொல் இருந்திருந்தால் போதும்.

படி நீளவாக்கிலும் தூண் கேட்கிறது. படி மடங்கும் நடுத்தட்டு தரையிலிருந்து 5 அடி உயரத்தில் வருவதால், அதனைத் தாங்கும் வளையின் இரு முனைகளும் தூணில் அமர வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கோடு நடுத்தட்டின் விளிம்போடு ஒத்துவந்தால் நல்லது.

சுவரும் தூணும் சந்திக்கும் இடமே பலரைக் குழப்புவது. 9 அங்குலத் தூண் 6 அங்குலச் சுவரில் 3 அங்குலம் துருத்தும். வெளிச்சுவரில் தூணின் வெளிமுகத்தையும் சுவரின் வெளிமுகத்தையும் ஒரே நூலில் பிடித்தால் துருத்தல் உள்ளே போய்விடும். அப்போது சுவரின் நடு, அச்சுக்கோட்டிலிருந்து 1½ அங்குலம் வெளியே விலகுகிறது. ஆ, இ கோடுகளில் தூணின் முகத்தையும் சுவரின் முகத்தையும் படிப்பக்கமாக ஒரே நூலில் பிடித்தால் படியறை வழுவழுவென்று இருக்கும். ஆ கோட்டில் துருத்தல் கார்ப்பக்கம் போகும். துருத்தலே வேண்டாமென்று தூணையே 6 அங்குலமாக மெலிப்பவர்களும் உண்டு. இரு பக்கமும் 1½ அங்குலக் கொங்கிறீட் மூடலை விட்டால் கம்பிக்கும் வளையத்துக்கும் 3 அங்குலமே மிஞ்சும்; இடம் போதாமல் மூடலைக் குறைத்தால், கடற்கரை உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, தூணின் மூலைநெடுகிலும் வெடிப்புக் கோடு காணும்.

மேற்கூறிய அளவுகளில் அ முதல் இ வரை சரியாக 18 அடி. மூலை செங்கோணமா என்று பார்க்க, குறுக்குக்கோடு அ கோட்டை வெட்டும் புள்ளியிலிருந்து அ கோட்டில் 24 அடி அளந்து குறியிட்டு, அந்தக் குறியிலிருந்து அதே குறுக்குக்கோடு இ கோட்டை வெட்டும் புள்ளிக்கு மூலைவிட்டம் பிடித்தால் 30 அடி காட்ட வேண்டும். ஓரங்குலம் பிசகினாலும் நூலை அவிழ்த்து மறுபடி கட்டுவதே நல்லது. அத்திவாரக் குழி வெட்டிய பின் அது இலகுவன்று.