ஊர்த் தகராறில் கைதானால் அரசு வேலை என்னாகும்?

பங்காளிகளோடு வரப்புத் தகராறு. கைகலப்பாகி, எதிர்த்தரப்பில் ஒருவருக்கு மண்டையில் நாலு தையல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், அடுத்த வியாழன் ஜாமீனில் வெளியே வந்தார். ஆள் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அலுவலகத்துக்கும் அந்த வரப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சங்க வேலையாக மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இது என் சொந்த விஷயம்தானே, இதுல ஆபீஸ் எப்படித் தலையிடலாம்?" என்பதுதான்.

தலையிடலாம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இன் மூன்றாம் விதி, அரசு ஊழியருக்கு ஒவ்வாத எதையும் செய்யக் கூடாது என்கிறது. அலுவலக நேரத்தில் என்றோ அலுவலகக் கட்டடத்துக்குள் என்றோ அதில் வரம்பு இல்லை. அதே விதிகள்தான் பொது இடத்தில் குடிப்பதையும், முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இரண்டாவது திருமணம் செய்வதையும், வரதட்சணை கேட்பதையும் தடுக்கின்றன. இது எதுவும் வேலை நேரத்தில் நடப்பதில்லை.

தனியார் ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு. அவருக்கு ஆலையின் வேலை விதிகளான நிலையாணைகளில் பட்டியலிட்ட தவறுகள்தான் தவறு. ஆலை வளாகத்துக்கும் அதை ஒட்டிய இடத்துக்கும் வெளியே நடந்ததை இழுத்துப்போட்டு நிர்வாகம் தண்டிக்க முடியாது என்று 1983-லேயே கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நம்பி அரசு ஊழியர் வாதாடினால் எடுபடாது. இனி நான் சொல்வது மத்திய அரசு ஊழியருக்கு. மாநில அரசுக்கும் 48 மணி நேரக் கணக்கு உண்டு, ஆனால் விதி எண்களும் கெடுக்களும் வேறு.

இந்த எழுத்தருக்கு முதல் அடி அந்த 48 மணி நேரத்தில் விழுந்தது. 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் பத்தாவது விதிப்படி, எந்தக் குற்றச்சாட்டுக்காக இருந்தாலும் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், கைதான நாளிலிருந்தே சஸ்பெண்டில் இருப்பதாகக் கருதப்படும். போலீஸ் காவலும் சிறைக் காவலும் சேர்த்துத்தான் கணக்கு. குற்றம் உண்மையா, வழக்கு பொய்யா என்று யாரும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலைக் கைதுகளுக்கு நான் பயப்படுவது இதனால்தான். திங்கட்கிழமை ஜாமீன் மனு போடுவதற்குள் 48 மணி நேரம் ஓடிவிடும். ஜாமீன் கிடைத்ததும் சஸ்பென்ஷன் தானாகப் போய்விடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். போகாது. அலுவலகம் ரத்து செய்து உத்தரவு போடும்வரை அது நிற்கும்.

இரண்டாவது அடியை அவரே தேடிக்கொண்டார். வெளியே வந்ததும், தெரிந்த டாக்டரிடம் 'வைரஸ் காய்ச்சல்' என்று சான்றிதழ் வாங்கி, ஏழு நாளுக்கு மருத்துவ விடுப்புக் கடிதம் கொடுத்து, எதுவும் நடக்காதது போல வேலையில் சேர்ந்துவிட்டார். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், மானத்துக்குப் பயந்து. ஆனால் கைதான அரசு ஊழியர், ஜாமீனில் உடனே வந்துவிட்டாலும், கைதான விவரத்தை மேலதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று பழைய ஆணை இருக்கிறது. தெரிவிக்காவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. மேசையில் ஒரு பக்கம் போலீஸ் கடிதம், மறு பக்கம் வைரஸ் காய்ச்சல் சான்றிதழ். அப்புறம் என்ன? சஸ்பென்ஷன் உத்தரவு பின்தேதியிட்டு வந்தது, கூடவே அதே 1965 விதிகளின் பதினான்காம் விதியில் கடுந்தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ. அதைப் படித்துப் பார்த்தேன். வரப்புத் தகராறு பற்றி ஒரு வரிகூட இல்லை. கைதை மறைத்தது, பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்தது, இந்த இரண்டு மட்டும்தான். தகராறை அலுவலகம் நிரூபிக்கச் சிரமப்பட்டிருக்கும். இந்த இரண்டையும் நிரூபிக்க அந்த இரண்டு தாளே போதும்.

அவர் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே இருக்கும்போதே வீட்டார் மூலம் ஒரு பதிவுத் தபால். எந்தக் காவல் நிலையம், குற்ற எண், எந்தப் பிரிவுகள், எந்தத் தேதியில் கைது. வெளியே வந்த அன்றே இன்னொரு கடிதம், ஜாமீன் உத்தரவு நகலோடு. 'நான் நிரபராதி' என்று நாலு பக்கம் எழுத வேண்டாம். எழுதினால் அதிலிருந்தே விசாரணையில் குறுக்குக் கேள்வி வரும்.

வெளியே வந்த தேதியை எழுத்தில் தெரிவிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சஸ்பென்ஷனை 90 நாளுக்குள் மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் அது செல்லாது. நீட்டிப்பு ஒரு தடவைக்கு 180 நாளுக்கு மேல் போகக் கூடாது. கெடு தாண்டிய பிறகு உத்தரவு போட்டுச் செத்ததை எழுப்ப முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 90 நாளையும் சிறையிலேயே கழித்தவருக்குக் கணக்கு அப்படி ஓடாது. விடுதலையான தேதி, அந்தத் தகவல் நியமன அதிகாரிக்குக் கிடைத்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்துதான் 90 நாள் தொடங்கும். செக்‌ஷன் ஆபீசரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை கடிகாரமே ஓடத் தொடங்கவில்லை. தபால் பதிவேட்டில் எண் விழாத எதுவும் அலுவலகத்துக்குத் தெரியாது.

மெமோ எதுவும் தராமல் மூன்று மாதம் தாண்டினால் 2015-ஆம் ஆண்டு அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு மெமோவோ குற்றப்பத்திரிகையோ தரப்படாவிட்டால் சஸ்பென்ஷன் தொடரக் கூடாது என்பது அதன் சாரம். மனு கொடுக்காமல் தானாக எதுவும் நடக்காது. கொடுத்தாலும் நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் கோப்பில் அது இருந்தால்தான் பின்னால் தீர்ப்பாயத்தில் பேச முடியும்.

சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பிழைப்பூதியத்துக்கு வருவோம். அடிப்படைச் சம்பளம் 35,400 என்றால் சஸ்பென்ஷனில் அதில் பாதி, 17,700 ரூபாய், அதற்கான அகவிலைப்படியோடு. மூன்று மாதம் கழித்து மறுஆய்வு செய்து, தாமதத்துக்கு ஊழியர் காரணமில்லை என்றால், அந்தத் தொகையில் பாதிவரை கூட்டலாம். அதாவது 26,550 வரை போகலாம். ஊழியர் இழுத்தடித்தார் என்றால் 8,850-க்கு இறங்கவும் செய்யும். இந்த மறுஆய்வைக் கேட்காமல் செய்த அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. இதில் இன்னொரு பொறி: வேறு எங்கும் வேலையிலோ தொழிலிலோ இல்லை என்று சான்று கொடுக்காவிட்டால் பணம் வராது. நம் எழுத்தருக்கு இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. சான்று தர வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. போய்க் கேட்டபோது, "நீங்க கேக்கலையே" என்றார்கள்.

பிழைப்பூதியமே தராமல் விசாரணை நடத்தினால் என்னாகும்? பாரத் கோல்டு மைன்ஸ் வழக்கில் அப்படித்தான் நடந்தது. கையில் காசில்லாமல் கேரளத்தில் இருந்தவரைக் கோலாருக்கு வரச்சொல்லி, அவர் வராமலே விசாரணையை முடித்து வேலையை விட்டு நீக்கினார்கள். 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தையே ரத்து செய்தது. ஆகவே பணம் வராத ஒவ்வொரு மாதமும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

அடுத்தது, வழக்கில் ஜெயித்தால் வேலை தானாகத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததாக ஒரு காவலர் மீது வழக்கு வந்தது. சாட்சியம் நிற்காமல் நீதிமன்றம் விடுவித்தது. துறை விசாரணையோ அவரைப் பணிநீக்கம் செய்திருந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் துறை பக்கமே நின்றது: இது கௌரவமான விடுதலை இல்லை, சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை. துறை விசாரணைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவே போதும். ஆகவே தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலுவலகமும் முதலில் அதைத்தான் தேடும்.

தண்டனை கிடைத்துவிட்டால் இன்னும் மோசம். அப்போது விசாரணையே தேவையில்லை. பத்தொன்பதாம் விதியில் ஒரு நோட்டீஸ், ஒரு பதில், அப்புறம் உத்தரவு. மேல்முறையீட்டில் சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தால் வேலை தப்பிவிடும் என்று வக்கீல்களே சில சமயம் சொல்லிவிடுகிறார்கள். தண்டனையை நிறுத்துவது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்துவது வேறு. மேல்முறையீடு முடியும்வரை துறை காத்திருக்கத் தேவையில்லை என்று சென்னைக் கல்லூரிக் கல்வித் துறை ஊழியர் ஒருவர் வழக்கில் 1995-லேயே தீர்ப்பு இருக்கிறது. நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது, நான் செய்யவில்லை என்று திரும்பச் சொல்வதில் பயனில்லை. அலுவலகப் பணத்தோடும் நேர்மையோடும் தொடர்பில்லாத தகராறு, இத்தனை வருஷம் மெமோ இல்லாத சேவை, ஆகவே பணிநீக்கம் அதிகம் என்று தண்டனையின் அளவைப் பற்றி எழுதுங்கள். அதை அதிகாரி பரிசீலித்தாக வேண்டும்.

நம் எழுத்தரின் பங்காளிகள் கோயில் கொடையோடு சமாதானமாகிவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கும் ரத்தாயிற்று. காய்ச்சல் சான்றிதழ் மட்டும் ரத்தாகவில்லை. விசாரணையில் உண்மையை ஒப்புக்கொண்டார், பயத்தில் செய்தேன் என்றார். ஒரு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு, அதாவது சிறு தண்டனையோடு முடிந்தது. சஸ்பென்ஷன் காலம் பதினான்கு மாதம்.

கடுந்தண்டனைக்கென்று தொடங்கிய நடவடிக்கை சிறு தண்டனையில் முடிந்தால், சஸ்பென்ஷனை முழுக்க நியாயமற்றதாகக் கருதி அந்தக் காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 1985 டிசம்பர் 3 தேதியிட்ட மத்திய அரசு ஆணை இருக்கிறது. அவரைப் பணியில் சேர்த்த உத்தரவில் அது பற்றி மூச்சே இல்லை. 'சஸ்பென்ஷன் காலம் பற்றிப் பின்னர் தனியே முடிவு செய்யப்படும்' என்று ஒரு வரி. ஆணையின் நகலை இணைத்து மனு கொடுத்தோம். நாலு மாதம் கழித்து, அப்படியொரு ஆணை தங்கள் கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது முறை கொடுத்தபோது தபால் பதிவேட்டில் எண் போடவைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டுத்தான் வந்தோம். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. அடுத்த கடிதம் இந்த வாரம் போகிறது.