2.02 எப்படி 3.05 ஆனது? லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் வெளியீட்டைப் படிப்பது

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பேஸ்டேட் மருத்துவ மையத்தில் 1986-இல் பதிவான 189 பிரசவங்களின் தரவு, R மென்பொருளோடு வரும் `MASS` தொகுப்பில் `birthwt` என்ற பெயரில் இருக்கிறது. புள்ளியியல் படிக்கிறவர்கள் பலரும் ஒருமுறையாவது இதைத் திறந்து பார்த்திருப்பார்கள். குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்ததா, இல்லையா என்பதுதான் இதில் கேள்வி. பதில் ஆம் அல்லது இல்லை என்று இரண்டே வகையில் வருவதால், இதற்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் பொருந்தும்.

கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடித்தாரா என்பதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் கையால் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. புகைபிடித்த தாய்மார் 74 பேர். அவர்களில் 30 பேருக்கு எடை குறைந்த குழந்தை, 44 பேருக்கு இயல்பான எடை. புகைபிடிக்காத 115 பேரில் 29 பேருக்குக் குறைந்த எடை, 86 பேருக்கு இயல்பான எடை.

இப்போது R-இல் ஓட்டலாம்.

```
library(MASS)
m1 <- glm(low ~ smoke, family = binomial, data = birthwt)
summary(m1)

            Estimate Std. Error z value Pr(>|z|)
(Intercept)  -1.0871     0.2147  -5.062 4.14e-07
smoke         0.7041     0.3196   2.203   0.0276
```

முதன்முறை பார்ப்பவர் பெரும்பாலும் கடைசி நிரலுக்கு ஓடுவார். 0.0276, அதாவது 0.05-க்குக் கீழே, சரி, முடிந்தது என்று நினைப்பார். ஆனால் விஷயம் முதல் நிரலில்தான் இருக்கிறது. அந்த 0.7041 என்ன?

அதற்கு ஆட்ஸ் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். நடந்ததை நடக்காததால் வகுத்தால் கிடைப்பது ஆட்ஸ். புகைபிடித்தவர்களில் 30-ஐ 44-ஆல் வகுத்தால் 0.682. புகைபிடிக்காதவர்களில் 29-ஐ 86-ஆல் வகுத்தால் 0.337. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.02. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ. மாடல் கணக்கு போடுவது ஆட்ஸின் மடக்கையில், அதாவது லாக் அளவில். அதனால் அது 2.02 என்று காட்டாமல், அதன் இயல் மடக்கையான 0.7041-ஐக் காட்டுகிறது. `exp(0.7041)` என்று கொடுத்தால் 2.02 திரும்ப வந்துவிடும். அதேபோல `exp(-1.0871)` கொடுத்தால் 0.337. புகைபிடிக்காதவர்களின் ஆட்ஸ்தான் இன்டர்செப்ட் என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஆம்-இல்லை காரணி இருக்கும்போது, மாடல் நாம் கையால் போட்ட கணக்கைத்தான் வேறு உடையில் தருகிறது.

மடக்கை அளவில் பூச்சியம் என்றால் ஆட்ஸ் ரேஷியோ 1, வித்தியாசம் இல்லை. நேர் எண் என்றால் 1-க்கு மேல், எதிர் எண் என்றால் 1-க்குக் கீழ். வெளியீட்டில் இருப்பது எந்த அளவு என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் நேராக ஆட்ஸ் ரேஷியோவையே அச்சிடும். 0.70 என்பதை ஆட்ஸ் ரேஷியோ என்று நினைத்துவிட்டால், புகை குழந்தையைக் காப்பாற்றுகிறது என்ற முடிவுக்குப் போய்விடுவோம்!

அடுத்த குழப்பம் இன்னும் பரவலானது. ஆட்ஸ் ரேஷியோ 2.02 என்றதும், புகைபிடித்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். புகைபிடித்தவர்களில் 74-க்கு 30, அதாவது 40.5 சதவீதம். மற்றவர்களில் 115-க்கு 29, அதாவது 25.2 சதவீதம். வாய்ப்பு கூடியது 1.6 மடங்குதான், இரட்டிப்பானது ஆட்ஸ். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், பேதம் பார்க்கத் தேவையில்லை. இங்கேயோ மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் எடை குறைவு என்று ஆகிவிடுவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. 189-இல் 59. விளைவு இவ்வளவு பரவலாக இருக்கும்போது ஆட்ஸ் ரேஷியோ எப்போதும் வாய்ப்பின் விகிதத்தைவிட 1-இலிருந்து தள்ளியே நிற்கும்.

சரி, 2.02-ஐ எவ்வளவு நம்பலாம்? அதைச் சொல்லவே நம்பிக்கை இடைவெளி. 0.7041-லிருந்து 1.96 மடங்கு ஸ்டாண்டர்ட் எரரைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் 0.078, 1.331 என்று வரும். இரண்டையும் `exp` செய்தால் 1.08 முதல் 3.78 வரை. R-இல் `exp(confint.default(m1))` இதைத் தரும். வெறும் `confint` வேறொரு முறையில் கணக்கிடுவதால் எண்கள் கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம்.

இந்த இடைவெளியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். உண்மையான ஆட்ஸ் ரேஷியோ 1.08 ஆக இருந்தாலும் இந்தத் தரவு வந்திருக்கலாம், 3.78 ஆக இருந்தாலும் வந்திருக்கலாம். ஒன்று சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை, மற்றொன்று கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 1 உள்ளே இல்லை என்பது மட்டும்தான் p மதிப்பு சொல்லும் செய்தி. எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டிருக்கிறோம் என்பதை இடைவெளிதான் சொல்கிறது. என்னைக் கேட்டால், ஒரு ஆய்வில் p மதிப்பை மறைத்துவிட்டு இடைவெளியை மட்டும் கொடுத்தாலும் எனக்கு நஷ்டமில்லை.

இன்னொன்று: 2.02 அந்த இடைவெளியின் நட்ட நடுவில் இல்லை. கீழே 0.94 தூரம், மேலே 1.76. இது பிழை அல்ல. மடக்கை அளவில்தான் இரு பக்கமும் சமம். அதனால் இப்படி ஒரு சோதனை செய்யலாம்: இரு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 1.08 × 3.78 = 4.08, அதன் வர்க்கமூலம் 2.02. ஆய்வுக் கட்டுரை அட்டவணைகளில் இது வெகுவாகப் பொருந்தாமல் போனால், பெரும்பாலும் எங்கோ தட்டச்சுப் பிழை இருக்கும்.

அப்புறம் அந்தத் தரவில் தாயின் இனமும் இருக்கிறது: வெள்ளையர் 96 பேர், கறுப்பினத்தவர் 26, பிறர் 67. அதையும் மாடலில் சேர்த்தால்:

```
m2 <- glm(low ~ smoke + factor(race), family = binomial, data = birthwt)
summary(m2)

              Estimate Std. Error
(Intercept)    -1.8405     0.3529
smoke           1.1160     0.3692
factor(race)2   1.0841     0.4900
factor(race)3   1.1086     0.4003
```

`smoke` வரி 0.70-லிருந்து 1.12-க்கு ஏறிவிட்டது. ஆட்ஸ் ரேஷியோ 3.05, இடைவெளி 1.48 முதல் 6.29 வரை. கட்டுரைகளில் "அட்ஜஸ்ட் செய்த ஆட்ஸ் ரேஷியோ" என்று வருவது இதுதான். முன்னால் பார்த்த 2.02 அட்ஜஸ்ட் செய்யாதது. அட்ஜஸ்ட் செய்தால் எண் சுருங்கும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே ஏன் வளர்ந்தது?

வெள்ளையரில் 96-க்கு 52 பேர் புகைபிடித்திருக்கிறார்கள், பாதிக்கு மேல். ஆனால் எடை குறைந்த குழந்தைகள் 23 மட்டுமே, நான்கில் ஒன்றுக்கும் கீழே. "பிறர்" என்ற பிரிவில் புகைபிடித்தவர்கள் 67-க்கு 12 பேர்தான். எடை குறைந்த குழந்தைகளோ 25, மூன்றில் ஒன்றுக்கு மேல். ஆக, புகைபிடித்தவர்களின் கூட்டத்தில் மற்ற வகைகளில் பிரச்சினை குறைவான தாய்மார்கள் அதிகம். புகைபிடிக்காதவர்களின் கூட்டத்தில் பிரச்சினை அதிகமான பிரிவினர் நிறைய. இரண்டு கூட்டங்களையும் அப்படியே ஒப்பிட்டால், புகையின் விளைவில் ஒரு பகுதி இந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. வெள்ளையரை வெள்ளையரோடும், கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரோடும், பிறரைப் பிறரோடும் ஒப்பிட்டு, அந்த மூன்று விடைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் கிடைப்பதுதான் 3.05. (இனம் இங்கே உடலைப் பற்றிய தகவல் அல்ல. வருமானம், மருத்துவ வசதி, வாழ்க்கைச் சூழல் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நிரலுக்குப் பின்னால் நிற்கின்றன.)

அட்ஜஸ்ட் செய்வதன் பொருள் அவ்வளவுதான்: மாடலில் சேர்த்த காரணிகளில் ஒரே மாதிரி இருப்பவர்களை ஒப்பிடுவது. சேர்க்காத எதுவும் சரிசெய்யப்படவில்லை. குடும்ப வருமானம் இந்தத் தரவில் இல்லவே இல்லை, அதனால் 3.05-ம் இறுதி உண்மை அல்ல. அதற்காகக் கிடைப்பதையெல்லாம் சேர்ப்பதும் தப்பு. புகையால் பிரசவம் முன்கூட்டியே நடந்து, அதனால் எடை குறையலாம். கர்ப்ப வாரங்களை மாடலில் சேர்த்தால், புகை செய்யும் கெடுதலில் ஒரு பகுதியை நாமே அழித்துவிட்டு, மீதியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்று விடைகளைச் சேர்த்து ஒன்றாக்கியது என்றேன் அல்லவா? அந்த மூன்றையும் தனியாகப் பார்க்காமல் விடக்கூடாது. வெள்ளையரில் ஆட்ஸ் ரேஷியோ 5.76, கறுப்பினத்தவரில் 3.3, பிறரில் 1.25. மாடல் இவை மூன்றும் ஒரே எண்ணின் தற்செயலான சாயல்கள் என்று வைத்துக்கொண்டுதான் 3.05 தந்தது. மூன்றும் ஒன்றா என்று சோதித்தால் p மதிப்பு சுமார் 0.22 வருகிறது, ஆகவே அந்த அனுமானம் தவறு என்று அடித்துச் சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. புகைபிடிக்காத வெள்ளைத் தாய்மார் 44 பேரில் எடை குறைந்த குழந்தை பெற்றவர்கள் நான்கே பேர். அந்த 5.76 இந்த நால்வரின் மேல்தான் நிற்கிறது. நான்கு எட்டாகியிருந்தால் அதே எண் 2.6 ஆகியிருக்கும்.

எண்ணால் அளக்கும் காரணிகளில் அலகைக் கவனியுங்கள். கர்ப்பத்துக்கு முன் தாயின் எடை பவுண்டில் `lwt` என்று இருக்கிறது. அதை மட்டும் போட்டால் ஆட்ஸ் ரேஷியோ 0.986, இடைவெளி 0.974 முதல் 0.998 வரை. ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் அது ஒரு பவுண்டுக்கு. பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோ கூடினால் ஆட்ஸ் 0.87 மடங்காகிறது, 13 சதவீதம் குறைவு. 0.986-ஐ அப்படியே புகையின் 2.02 பக்கத்தில் வைத்து எது பெரியது என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இதே தரவில் ஆரம்பநிலை மாணவர்கள் விழும் ஒரு குழியும் உண்டு. எல்லா நிரல்களையும் சேர்க்கலாம் என்று `low ~ .` எழுதினால் R இப்படி எச்சரிக்கும்:

```
glm.fit: algorithm did not converge
glm.fit: fitted probabilities numerically 0 or 1 occurred
```

கெழுக்களும் ஸ்டாண்டர்ட் எரர்களும் பிரம்மாண்டமாக வீங்கியிருக்கும், p மதிப்புகள் எல்லாம் 1-ஐ ஒட்டியிருக்கும். காரணம், குழந்தையின் எடையே `bwt` என்ற நிரலில் கிராமில் இருக்கிறது. `low` அதிலிருந்து உருவானதுதான். விடையையே கேள்விக்குள் வைத்துவிட்டால் மாடல் அதை முழுமையாகப் பிரித்துவிடும், கெழு முடிவிலியை நோக்கி ஓடும். `low ~ . - bwt` என்று எழுதினால் எச்சரிக்கை போய்விடும்.