ஒரே விரல், மூன்று அளவு

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆன்லைனில் மோதிரம் வாங்க மோதிர விரலை அளந்தேன். பூ கட்டும் நூலில் 52 மி.மீ., சணல் கயிற்றில் 57, காகிதத்தில் 54 வருகிறது. எதை நம்புவது?"

முதலில் எண் கணக்கை முடித்துவிடுவோம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மோதிரத்தின் உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து 40-ஐக் கழித்தால் வருவதுதான் சைஸ். 52 என்றால் 12, 54 என்றால் 14, 57 என்றால் 17. ஆக ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் சுற்றளவில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இவருக்கோ ஐந்து சைஸ் தள்ளாடுகிறது.

சணல் ஏன் அதிகம் காட்டியது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கயிறு வளையும்போது அதன் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுக்கோடு மட்டும் மாறாது. பிறகு அதை நிமிர்த்தி ஸ்கேலில் வைக்கிறோமே, அப்போது அளப்பது அந்த நடுக்கோட்டைத்தான். அது தோலை ஒட்டி ஓடவில்லை, கயிற்றின் பாதித் தடிமன் அளவுக்கு விலகி ஓடுகிறது. விரலின் இரு பக்கமும் பாதி பாதி சேர, விட்டத்தில் ஒரு முழுத் தடிமன் கூடிவிடுகிறது. சுற்றளவில் அதுவே 3.14 மடங்கு. கயிறு 1 மி.மீ. தடிமன் என்றால் பிழை 3 மி.மீ.க்குச் சற்று மேல், அதாவது மூன்று சைஸ்.

இதில் விரலின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சணலால் தென்னை மரத்தை அளந்தாலும் அதே 3 மி.மீ.தான் கூடும். பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி 40,000 கி.மீ. கயிறு கட்டி, அதைத் தரையிலிருந்து எங்கும் 1 மீட்டர் உயர்த்த வேண்டுமென்றால், கூடுதலாகத் தேவைப்படுவது வெறும் 6.28 மீட்டர். பள்ளியில் இதைக் கேட்டு நம்பாமல் காகிதத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்தவன் நான். தென்னை மரத்தில் 3 மி.மீ. யாருக்கும் தெரியாது. விரலில் மோதிரம் கழன்று விழும்.

கயிற்றின் தடிமனை அறியக் கருவி வேண்டாம். பென்சிலில் நெருக்கமாக 20 சுற்று சுற்றி, அந்த அகலத்தை 20-ஆல் வகுத்தால் போதும். வாசகியின் சணல் 1 மி.மீ. என்று வந்தால், 57-லிருந்து 3.14-ஐக் கழிக்க 53.9. காகிதம் சொன்ன 54-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? காகிதத்துக்கும் இந்தப் பிழை உண்டு. ஆனால் ஜெராக்ஸ் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.தான், பிழை 0.3. அதை விட்டுவிடலாம்.

பூ நூல் 52 காட்டியதற்குக் காரணம் வேறு. அது மெலிது, ஆகவே தடிமன் பிழை குறைவு. ஆனால் சதைக்குள் இறங்கிவிடுகிறது. ஒரே இழுவிசையில் நூல் எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு அழுத்தம் ஏறும். 0.3 மி.மீ. நூல், 4 மி.மீ. காகிதப் பட்டையைவிடப் பதிமூன்று மடங்கு அழுத்துகிறது. அளந்து எடுத்ததும் விரலில் பள்ளமாகக் கோடு விழுந்திருந்தால் அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள்.

அதனால் 4 மி.மீ. அகலத்தில் காகிதப் பட்டை வெட்டி, இழுக்காமல் படியச் சுற்றி, மேலே ஏறும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அடுத்து மூட்டையும் அளக்க வேண்டும். பலரும் இதை மறந்து அடிவிரலோடு நின்றுவிடுகிறார்கள். மோதிரம் உட்காருவது அடியில் என்றாலும், நுழைவது மூட்டு வழியாக. வாசகிக்கு அடியில் 54, மூட்டில் 56 என்றால் 55 மி.மீ. உள்சுற்றளவில் காகித வளையம் ஒட்டிப் போட்டுப் பார்க்கலாம். மூட்டில் சற்றே தடுத்து நுழைந்து, அடியில் சுற்றிச் சுழலாமல் நின்றால் சைஸ் 15. காலைக் குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் அலைந்து வந்தால் உப்பும். ஆகவே மாலையில், உடம்பு ஆறியபின் அளப்பதே நல்லது. பட்டையான மோதிரம் என்றால் அரை சைஸ் கூட்டிக்கொள்ளலாம்.

ராசிக்கல் தோலில் உரசினால்தான் பலன் என்று வேண்டுமென்றே இறுக்கமாக வாங்குவோரும் உண்டு. கல்லால் என்ன பலன் என்று எனக்குத் தெரிந்தவரை யாரும் அளந்து காட்டவில்லை. விரல் வீங்குவதை மட்டும் நானே பார்த்திருக்கிறேன். அப்படிச் சிக்கிய மோதிரத்தைக் கழற்ற, நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மறுமுனையை மூட்டு தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றுவார்கள். பூ நூல் வாசகியை ஏமாற்றிய அதே அழுத்தம்தான் இங்கே வீக்கத்தை அமுக்குகிறது. அடியில் இருக்கும் முனையைப் பிடித்து விரல் நுனிப் பக்கமாகப் பிரிக்கப் பிரிக்க, சுற்றுகளின் மேல் மோதிரம் மெல்ல நகர்ந்து வெளியே வரும்.