கொழுக்கட்டையின் மேல்மாவு எப்போது வெடிக்கும், எப்போது வெடிக்காது

சதுர்த்தி நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை வட்டார வீடுகளில் பூரணம் கிளறுவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கவலையெல்லாம் மேல்மாவைப் பற்றித்தான். சொப்பு செய்யும்போதே விளிம்பு பிளக்கும். பிளக்காமல் மூடிவிட்டால் இட்லிப் பானைக்குள் வாய் திறந்து பாகு வழியும். இந்த வெடிப்பு கைப்பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. அரிசி மாவு வெந்நீரில் எவ்வளவு வெந்தது என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது.

கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே இழுபடும். அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னிக்கொள்வதுதான் காரணம். அரிசியில் அந்தப் புரதம் இல்லை. பச்சைத் தண்ணீரில் பிசைந்த அரிசி மாவு உருண்டையாகப் பிடிபடும், ஆனால் தட்டினால் உதிரும். பிடிமானத்தை அதன் ஸ்டார்ச்சிலிருந்துதான் பெற வேண்டும். ஸ்டார்ச் துகள்கள் குளிர்ந்த நீரைச் சிறிதளவே உறிஞ்சும். அரிசி ரகத்தைப் பொறுத்து 65 முதல் 78 டிகிரிக்குள் சூடேறும்போது அவற்றின் உள்கட்டு தளர்ந்து, நீரைக் குடித்து உப்பி, பசையாகின்றன. அந்தப் பசைதான் மற்றத் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது.

அதனால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். கடையில் வாங்கிய உலர்ந்த அரிசி மாவு 150 கிராம், தண்ணீர் 275 மில்லி. கொதிக்கும் நீரில் 30 டிகிரியில் இருக்கும் மாவைக் கொட்டினால் கலவை ஏறக்குறைய 87 டிகிரியில் நிற்கும். ஸ்டார்ச் பசையாக அது தாராளமாகப் போதும். அதே தண்ணீர் ஆவி பறக்கிற அளவில், 80 டிகிரியில் மட்டும் இருந்தால் கலவை 71 டிகிரிதான். பாத்திரமும் கரண்டியும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். சில ரக அரிசிக்கு அது வேகும் சூடே அல்ல. பார்வைக்கு இரண்டு மாவும் ஒன்றாகத்தான் இருக்கும். சொப்பு செய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, மாவை ஒரே தடவையில் கொட்டி, கரண்டிக் காம்பால் வேகமாகக் கிளற வேண்டும். வெள்ளை மாவு திட்டுத்திட்டாகத் தெரியாத அளவுக்குக் கலந்ததும் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் இறுக்கமாக மூடிவைக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்கவே கூடாது. சூடு துகளின் நடு வரைக்கும் போய்ச் சேர்வதும், நீர் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதும் அப்போதுதான் நடக்கின்றன. பிறகு கை பொறுக்கும் சூட்டில் கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, கட்டி ஒன்றுகூட இல்லாமல் பிசைய வேண்டும். எண்ணெய் கையில் ஒட்டாமல் காப்பதோடு, வெந்த மாவின் பிசுபிசுப்பையும் குறைக்கிறது.

வீட்டில் இடித்த ஈர மாவுக்கு இதே தண்ணீர் அளவு பொருந்தாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டாத பதத்தில் அரைத்துச் சலிக்கிறோம். அந்த மாவின் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரே இருக்கலாம். கடை மாவில் எட்டில் ஒரு பங்குபோல் இருக்கும். ஈர மாவில் 28 சதவீதம் நீர் என்று வைத்தால், 150 கிராமில் அரிசி 108 கிராம்தான், மீதி 42 கிராம் தண்ணீர். கடை மாவில் கிடைத்த அதே பதம் வர இதற்குச் சுமார் 200 மில்லி வெந்நீர் போதும். 275 மில்லியை அப்படியே ஊற்றினால் மாவு களியாகிவிடும். ‘ஒரு கப்புக்கு ஒன்றரை கப்’ என்ற குறிப்பு ஒரு வீட்டில் சரியாக வந்து அடுத்த வீட்டில் சொதப்புவது இதனால்தான். ஆனாலும் ஈர மாவு சிரமத்துக்குத் தகுந்தது. ஊறிய அரிசி எளிதில் உடைந்து மெல்லிய மாவாகும். மேல்மாவும் வழுவழுப்பாக வரும்.

மாவின் பதத்தை அறிய எலுமிச்சம்பழத்தில் பாதியளவு உருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பிளவுகள் தெரிந்தால், நீர் குறைவு அல்லது வேகவில்லை. ஒரு தேக்கரண்டி வெந்நீர் தெளித்துப் பிசைந்து மறுபடி தட்டுங்கள். பிளவு மறைந்தால் நீர்தான் குறை. இரண்டு மூன்று முறை தெளித்தும், மாவு கையில் ஒட்ட ஆரம்பித்தும், விளிம்பு பிளந்துகொண்டே இருந்தால் ஸ்டார்ச் வேகவில்லை என்று பொருள். இனித் தண்ணீர் சேர்ப்பது வீண். மாவை உருண்டைகளாக்கி இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துத் திரும்பப் பிசைந்தால் தேறிவிடும்.

பூரணத்துக்குத் துருவிய தேங்காய் 150 கிராம், வெல்லம் 110 கிராம். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, தேங்காயைப் போட்டுக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது ஏலப்பொடி தூவி இறக்க வேண்டும். கிள்ளி உருட்டினால் நிற்க வேண்டும், விரலில் பாகு ஈரம் தெரியக் கூடாது. பாகு மிஞ்சினால் மூடும் இடத்தில் கசிந்து, மாவும் மாவும் ஒட்டவிடாமல் செய்யும். அதிகம் கிளறினால் ஆறியதும் கல்லாகிவிடும். பூரணத்தை ஆறவைத்து, 15 கிராம் அளவில் உருட்டிவைத்துக்கொண்டால் வேலை எளிது. மேலே சொன்ன கடை மாவில் 25 கிராம் வீதம் பதினைந்து, பதினாறு சொப்பு வரும்.

சொப்பின் சுவர் மூன்று மில்லிமீட்டர்போல் ஒரே கனமாக இருக்கட்டும். பூரணத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது. அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது காற்று மட்டுமே கால் பங்கு விரியும். பூரணத்தின் நீராவியும் சேர்ந்து, மெலிந்த இடத்தைப் பார்த்துத் தள்ளும். கூம்பைக் கூட்டும்போது விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். மின்விசிறிக்கு அடியில் செய்து அடுக்கிய கொழுக்கட்டையின் தோல் உலர்ந்துவிடும். உலர்ந்த தோலுக்கு நெகிழ்வு கிடையாது, ஆவியில் உள்ளே உப்பும்போது பிளக்கும். பிசைந்த மாவையும் முடித்த கொழுக்கட்டையையும் ஈரத்துணியால் மூடியே வைக்க வேண்டும். பானையில் ஏற்றும்முன் கையை நனைத்து மேலே ஒருமுறை தடவுவதும் உதவும்.

பானைத் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே தட்டை வைக்க வேண்டும். மேல்மாவு முன்பே வெந்தது என்பதால் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். மேலே பளபளப்பு ஏறி, ஈர விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. அதற்கு மேல் விட்டால் தோல் நீர் குடித்துத் தளர்ந்து பிளக்கும். கனம் கூடினால் நேரமும் கூடும். சூடு நடுவைத் தொடும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப்போல் ஏறுகிறது. இருமடங்கு கனமென்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று கற்பக விநாயகருக்குப் படைக்கும் மிகப் பெரிய முக்குறுணி மோதகத்தை நம் வீட்டு நிமிடக் கணக்கில் வேகவைக்க முடியாது.

அவித்ததும் மெத்தென்றிருந்த கொழுக்கட்டை மாலைக்குள் விறைத்துப்போவதற்குக் காரணம், வெந்த ஸ்டார்ச்சில் அமைலோஸ் என்ற நீள இழைகள் ஆற ஆற மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதுதான். நம் சாப்பாட்டுப் பச்சரிசியில் அமைலோஸ் அதிகம், அதனால்தான் சொப்பு வடிவம் நிற்கிறது. சீக்கிரம் விறைப்பதும் அதனாலேயே. செட்டிநாட்டுக் கவுனி அரிசியில் அமைலோஸ் குறைவு, குழைவு நீடிக்கும், ஆனால் அதை மட்டும் வைத்துக் கூம்பு எழுப்பினால் சரிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் குளிர் இந்த இறுக்கத்தை விரைவாக்கும். அன்றே சாப்பிடுவதானால் மூடிவைத்து வெளியே இருக்கட்டும். மறுநாளைக்கு எடுத்துவைத்ததைச் சாப்பிடும்முன் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் இறுகிய ஸ்டார்ச்சில் பெரும்பகுதி தளர்ந்து மேல்மாவு மறுபடி மெத்தென்றாகும்.