207-ம் அறையும் ஒரு ட்ரெய்னியின் நோட்டும்

பயிற்சி முடிந்து போகிற பிள்ளைகளிடம் கடைசி நாளில் லாக் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். இந்த வருடம் பார்த்த ஆறு நோட்டுகளில் ஐந்தில் முதல் பக்கம் ஒரே மாதிரி இருந்தது: "விருந்தினரைப் புன்னகையோடு வரவேற்க வேண்டும். அடையாள அட்டை வாங்க வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சாவி கொடுக்க வேண்டும்." காலேஜ் புத்தகத்தில் இருப்பதை எங்கள் ஹோட்டலில் உட்கார்ந்து திரும்ப எழுதியிருக்கிறார்கள். இதற்கா இத்தனை வாரம் கால் வலிக்க நின்றீர்கள்?

ஆறாவது நோட்டுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அதில் ஒரு புதன்கிழமை பக்கத்தில் இப்படி ஒரு வரி: "207 – எஸ்.பி. (என்ன என்று தெரியவில்லை)". அந்த அறையால் எங்களுக்கு 4,800 ரூபாய் போனது. காசு போவதற்கு ஒரு ராத்திரி முன்பே விஷயம் அந்தப் பையன் நோட்டில் இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். எங்களுடையது கோயம்புத்தூரில் நடுத்தரமான ஹோட்டல். செவ்வாய் சாயங்காலம் ஒருவர் இரண்டு இரவுக்கு அறை எடுத்தார். வாடகை வரியோடு ஒரு இரவுக்கு 3,780. முன்பணம் 4,000 கொடுத்தார். கையில் ஒரு சின்னப் பை, அதையும் அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெல் பாய் கூடப் போயிருந்தால் அவன் கார்டில் எத்தனை பெட்டி என்று எழுதியிருப்பான். போகாததால் எழுதவில்லை. அன்று ராத்திரி ரெஸ்டாரன்டில் 840 ரூபாய்க்குச் சாப்பிட்டு அறைக் கணக்கில் போடச் சொன்னார். ராத்திரி அன்றைய கணக்கை முடிக்கிற நைட் ஆடிட்டில் வாடகை ஏறியதும் கணக்கு 4,620. அதாவது புதன் விடியும் முன்பே முன்பணத்தைத் தாண்டி 620 ரூபாய் போய்விட்டது.

புதன் காலை பத்து மணிக்கு ஹவுஸ்கீப்பிங் ரிப்போர்ட் வந்தது. 207-க்கு நேரே "எஸ்.பி." என்று இருந்தது. ஸ்கேன்டி பேகேஜ், அதாவது பேருக்கு ஏதோ ஒரு சாமான். அதை டெஸ்க்கில் வாங்கி வைத்தவர் எங்கள் ஆள். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவர், அதனால் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ட்ரெய்னி பார்த்தான், எழுதியும் வைத்தான், ஆனால் கேட்கவில்லை. மதியம் 400 ரூபாய்க்குச் சாப்பாடு, ராத்திரி இன்னொரு 3,780. வியாழன் காலை ரிப்போர்ட்டில் "படுக்கை கலையவில்லை, சாமான் இல்லை" என்று வந்தபோது மொத்தம் 8,800, பாக்கி 4,800. கதவுப் பூட்டில் கருவியை வைத்துப் பார்த்தால் கடைசியாக அட்டை போட்டுத் திறந்தது புதன் சாயங்காலம் 6.10. கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

தவறு எங்களுடையதுதான். ட்ரெய்னியின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அந்த வரியைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு நினைப்பின் மேல். ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் சிரிப்பு, இங்கிலீஷ், கோட்டு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பிள்ளைகள் கவுன்டருக்கு வெளியே நடப்பதை மட்டும் பார்க்கிறார்கள். விருந்தினர் எப்படி வந்தார், அண்ணன் எப்படிப் பேசினார், அக்கா எப்படிக் கோபத்தைச் சமாளித்தார் என்று. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிரிப்பதற்குப் பயிற்சி தேவையில்லை, வீட்டில் கற்றுக்கொண்டுதானே வந்திருக்கிறீர்கள். கவுன்டருக்கு உள்ளே, இடுப்புக்குக் கீழே இருக்கிற மேசையில்தான் வேலை இருக்கிறது. அங்கே மூன்று பேர் ஒரே அறையைப் பற்றி மூன்று கதை சொல்வார்கள். சிஸ்டம் ஒன்று சொல்லும், ஹவுஸ்கீப்பிங் ஒன்று சொல்லும், பில் ஒன்று சொல்லும். இவை ஒத்துப்போகாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. இங்கிலீஷ் பேசத் தெரியாத ஒரு பெரியவர் எங்களிடம் இருந்தார். ரிப்போர்ட் தாளில் விரலை வைத்து வரிவரியாக இறங்குவார். அவர் இருந்த ஷிப்டில் ஒரு ரூபாய் தவறியதில்லை.

ஆகவே வேலை செய்கிறவர் பக்கத்தில் நிழலாக நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது காலை ரிப்போர்ட்டைத்தான். மாடிவாரியாக ஒவ்வொரு அறைக்கும் ஆள் இருக்கிறாரா, காலியா, அழுக்கா, சுத்தமா, கதவில் தொந்தரவு செய்யாதே அட்டை தொங்குகிறதா என்று சுருக்க எழுத்தில் இருக்கும். அதைச் சிஸ்டத்தோடு ஒப்பிடும்போது பக்கத்தில் நில்லுங்கள். சிஸ்டத்தில் ஆள் இருக்கிறார், அறையில் இல்லை என்றால் அதற்கு மூன்று நான்கு காரணம் இருக்கலாம். பணம் கட்டிவிட்டுப் போயிருப்பார், நாங்கள் செக்-அவுட் போட மறந்திருப்போம். ஏ.சி. சரியில்லை என்று வேறு அறைக்கு மாற்றியிருப்போம், சிஸ்டத்தில் மாற்றியிருக்க மாட்டோம். ராத்திரி வெளியே தங்கியிருப்பார். கடைசியாகத்தான், கட்டாமல் ஓடியிருப்பார்.

இந்தக் கடைசி இரண்டைப் பிரிப்பதைக் கவனித்துப் பாருங்கள், புத்தகத்தில் கிடைக்காது. போன வருடம் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு பழனிக்குப் போய், அங்கேயே ராத்திரி தங்கிவிட்டார். அறையில் படுக்கை கலையவில்லை, பெட்டி இல்லை. ஓடிவிட்டார் என்று முடிவு கட்டி அறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றிருப்பார். கொடுக்கவில்லை, ஏனென்றால் மாடி சூபர்வைசர் குளியலறையைப் பார்த்தார். ஷேவிங் செட்டும், கொடியில் ஒரு ஈரத் துண்டும், சுவரில் செருகிய சார்ஜரும் இருந்தன. ஓடுகிறவன் சார்ஜரை விட்டுப் போக மாட்டான் என்றார். அப்புறம் லாக்கர் பூட்டியிருக்கிறதா, ரெஸ்டாரன்டில் இருக்கிறாரா, பூட்டு கடைசியாக எப்போது திறந்தது, பாக்கி எவ்வளவு என்று வரிசையாகப் பார்த்தோம். போன் போட்டதற்கு அப்புறம்தான் விஷயம் தெரிந்தது.

இடையில் ஒன்று. ஸ்லீப்பர், ஸ்கிப்பர் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். கட்டாமல் ஓடியவர் ஸ்கிப்பர், அதில் குழப்பமில்லை. பணம் கட்டிப் போய்விட்ட அறை சிஸ்டத்தில் ஆள் இருப்பதாகவே நின்றால் அது ஸ்லீப்பர் என்று பாடப்புத்தகம் சொல்லும். சில ஹோட்டல் மென்பொருளில் நேர் எதிர்: சிஸ்டத்தில் காலி, அறையில் ஆள் என்றால்தான் ஸ்லீப். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. "இங்கே எதைச் சொல்வீங்க அண்ணா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தெரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் ஆபத்து.

நோட்டு எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். "டிஸ்கிரெபன்ஸி ரிப்போர்ட் கற்றுக்கொண்டேன்" என்று எழுதாதீர்கள், ஒத்துப்போகாத அறைகளின் பட்டியலைப் பார்த்தீர்கள் என்பதைத் தவிர அது எனக்கு ஒன்றும் சொல்லாது. நேரம் எழுதுங்கள், அறை எண் எழுதுங்கள், யார் என்ன பார்த்தார், யாருக்குப் போன் போட்டார், கடைசியில் என்ன முடிவு. புரியாத சுருக்கெழுத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறி ஷிப்ட் முடிவதற்குள் போக வேண்டும். அந்தப் பையன் எழுதியது வரைக்கும் சரி, கேள்விக்குறியோடு பஸ் ஏறிவிட்டான்.

விருந்தினர் பெயர், கைபேசி எண், அட்டை எண் எதுவும் நோட்டில் வரக்கூடாது. திரையைப் போட்டோ எடுப்பவர்களை நான் அன்றே அனுப்பிவிடுவேன், சிபாரிசுக்கு ஆள் பிடிக்க வேண்டாம். அறை எண்ணை வாயால் சத்தமாகச் சொல்லவும் கூடாது. சாவி உறையில் எழுதி, திருப்பிக் காட்டி நீட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஏன் என்று ஒருவராவது கேட்டிருக்கிறீர்களா? லாபியில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் நம் விருந்தினர் இல்லை.

ஷிப்ட் மாறும்போது கைமாறும் லாக் புத்தகத்தை வந்தவுடன் படியுங்கள். எங்களிடம் ஏழு, மூன்று, பதினொன்று. முந்தின ஷிப்ட் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அடுத்த ஷிப்ட் "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்து போட வேண்டும். 207 விஷயத்தில் செவ்வாய் ராத்திரிக்காரர் எழுதியிருந்தார்: "207 – மேல்முன்பணம் கேட்கவும்." புதன் காலை ஷிப்டில் கையெழுத்து இல்லை. மதிய ஷிப்டிலும் இல்லை. ஒரு வரி இரண்டு ஷிப்ட் தாண்டிக் கையெழுத்தில்லாமல் நின்றால் அதில்தான் ஏதோ இருக்கிறது. ட்ரெய்னி அதைச் சுட்டிக்காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சரி, ஒருவர் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

எப்போது கேட்பது? விருந்தினர் எதிரில் நிற்கும்போது வாயைத் திறக்காதீர்கள். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை செக்-அவுட் நெரிசல், அப்போதும் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும், அப்போது கேளுங்கள். கேட்கிற விதமும் இருக்கிறது. "ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்றால் விசாரணை மாதிரி இருக்கும், "ரூல் அப்படி" என்று முடித்துவிடுவார்கள். "இதைப் பண்ணாம விட்டா என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வருடக் கதை வெளியே வரும். நைட் ஷிப்ட் ஆளிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த அறையில் பாக்கி முன்பணத்தைத் தாண்டியது என்று எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை நைட் ஆடிட் முடிந்ததும் எடுப்பார்கள். காலையில் அந்தப் பட்டியலையும் எஸ்.பி. அறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 207 தானாகத் தலை தூக்கியிருக்கும். இப்போது எங்கள் டெஸ்க்கில் அப்படித்தான் வைக்கிறோம்.

இந்த மாதம் ஒரு பெண் வந்திருக்கிறாள், பேசவே மாட்டாள். நேற்று சாயங்காலம் அவள் நோட்டைப் புரட்டினேன். "3.40. அறை 311. சிஸ்டத்தில் 2 பேர். ஹவுஸ்கீப்பிங் அக்கா 3 துண்டு நனைந்திருக்கிறது, மூன்றாவது தலையணை கேட்டார்கள் என்றார்." கீழே கேள்விக்குறி. என்னம்மா இது என்றேன். "மூணாவது ஆளோட ஐடி நம்மகிட்ட இருக்கா சார்?" என்றாள்.

இல்லை. போன் போட்டோம். ஊரிலிருந்து தம்பி வந்திருக்கிறானாம், சொல்ல மறந்துவிட்டார்களாம். ஆதாரைக் கொண்டு வந்து கொடுத்து, கூடுதல் படுக்கைக்குப் பணமும் கட்டினார்கள். அவள் கேள்விக்குறியை அடித்துவிட்டு, நேரம் 4.05 என்று எழுதிக்கொண்டாள்.