தலைமுறைக்கு 1.16 என்றால் ஆண்டுக்கு எவ்வளவு?

ஒரு பறவைக் கூட்டத்தின் நிகர இனப்பெருக்க வீதம், அதாவது ஒரு பெண் குஞ்சு தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் மகள்களின் எண்ணிக்கை, 1.16 என்றால் அது ஆண்டுக்கு 16 சதவீதம் பெருகும்தானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அந்த 16 சதவீதம் ஒரு தலைமுறைக்கு உரியது. தலைமுறை என்பது எத்தனை ஆண்டு என்பதை, எந்த வயதில் எத்தனை உயிரோடு இருந்தன, எத்தனை மகள்கள் பிறந்தன என்று காட்டும் ஆயுள் அட்டவணையே சொல்லிவிடும்.

ஒரே பருவத்தில் பொரித்த 500 பெண் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டி, கடைசிப் பறவை சாகும்வரை பின்தொடர்வதாக வைத்துக்கொள்வோம்.

| வயது | உயிரோடு இருப்பவை | பிறந்த மகள்கள் |
|---|---|---|
| 0 | 500 | 0 |
| 1 | 200 | 200 |
| 2 | 100 | 300 |
| 3 | 40 | 80 |
| 4 | 0 | 0 |

மகள்களை மட்டும்தான் எண்ண வேண்டும். முதல் ஆண்டில் 400 குஞ்சுகள் பொரித்திருந்தால், பாதி பெண் என்று கொண்டு 200 என எழுதுகிறோம். இதை மறந்தால் விடை அப்படியே இரட்டிப்பாகிவிடும். குஞ்சில் தொடங்கிய கணக்கு குஞ்சிலேயே முடியவும் வேண்டும். அங்கே முட்டையை எண்ணினால் பொரிக்காத முட்டைகளும் மகள்களாகிவிடும்.

மொத்தம் 580 மகள்கள். தொடக்கத்தில் இருந்த 500 ஆல் வகுத்தால் 1.16, அதுதான் நிகர இனப்பெருக்க வீதம். உயிர்பிழைத்த தாய்களால் வகுக்கக் கூடாது. குஞ்சிலேயே செத்தவையும் கணக்கில் உண்டு.

இரண்டாம் ஆண்டோடு ஆய்வு நின்றிருந்தால்? மகள்கள் 500, வீதம் சரியாக 1. பெருகும் கூட்டத்தை 'அப்படியே இருக்கிறது' என்று எழுதியிருப்போம். கள ஆய்வுக்கான நிதியை அந்த உயிரினத்தின் ஆயுளைப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, தலைமுறைக் காலத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த 580 மகள்களையும் வரிசையாக நிறுத்தி, "நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கு என்ன வயது?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேளுங்கள். 200 பேர் 1 என்பார்கள், 300 பேர் 2 என்பார்கள், 80 பேர் 3 என்பார்கள். கூட்டினால் 1040, அதை 580 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.79 ஆண்டு. தலைமுறைக் காலம் இதுதான். முதல் குஞ்சு பொரிக்கும் வயதும் இல்லை, ஆயுளும் இல்லை; மகள்கள் பிறந்தபோது தாய்களுக்கு இருந்த சராசரி வயது.

இனி வாசகரின் கேள்வி. 1.79 ஆண்டில் 1.16 மடங்கு என்றால் ஓராண்டில் எத்தனை மடங்கு?

```
1.16^(1/1.79) ≈ 1.086
```

ஆண்டுக்குச் சுமார் 8.6 சதவீதம். இது தோராயம்தான். வளரும் கூட்டத்தில் இளம் தாய்களின் பங்கு கூடுதல் என்பதால், வீதம் 1 ஐ விட்டு விலக விலகப் பிழையும் கூடும். இங்கே துல்லியமாகப் போட்டால் 8.7 வருகிறது.

அப்புறம் ஒன்று பாருங்கள். இதே 580 மகள்கள் ஓராண்டு தள்ளி, தாய்களின் 2, 3, 4 வயதில் பிறந்தால் வீதம் அதே 1.16 தான். ஆனால் தலைமுறைக் காலம் 2.79 ஆகிவிடும், ஆண்டு வளர்ச்சி சுமார் 5.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.