மைக்கிரோமீற்றர்: ஒரு பெயர், மூன்று பொருள்

"வெங்காயக் கலத்தின் அகலம் 24 மைக்கிரோமீற்றர்." திருகோணமலைப் பக்கத்து உயர்தர வகுப்புச் செய்முறைக் கொப்பிகளில் இப்படி ஒரு வரி இருந்தால், முதலில் கேட்க வேண்டியது: அந்த 24 எங்கே வாசிக்கப்பட்டது? பெரும்பாலும் நுணுக்குக்காட்டியின் பார்வைத்துண்டுக்குள் தெரியும் கோடுகளை எண்ணி வந்த எண்ணாகத்தான் இருக்கும். அந்தக் கோடிட்ட கண்ணாடி வட்டுக்கு ஆங்கில வழக்கில் ஒக்கியுலர் மைக்கிரோமீற்றர் என்று பெயர். பெயரில் மைக்கிரோமீற்றர் இருப்பதால், ஒரு பிரிவு ஒரு மைக்கிரோமீற்றர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கலத்தின் உண்மையான அகலம் ஏறக்குறைய 59 மைக்கிரோமீற்றர்.

குழப்பத்தின் வேர் சொல்லிலேயே கிடக்கிறது. கிரேக்கத்தில் மிக்ரோஸ் என்றால் சிறியது, மெத்ரோன் என்றால் அளவு. சிறியதை அளப்பது மைக்கிரோமீற்றர். கருவிக்குத்தான் இந்தப் பெயர் முதலில் வந்தது. 1640 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோயின் தன் தொலைகாட்டியின் பார்வைத்துண்டுக் குவியத்தில் திருகால் நகரும் இரண்டு விளிம்புகளை வைத்து, வானில் தெரியும் பொருள்களின் கோண அளவை எடுத்தார். மீற்றர் என்ற அலகு பிரான்சில் பிறந்ததே அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1790களில். ஆக, கருவியின் பெயருக்கும் மீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் வேர் ஒன்றுதான், வேறு உறவு கிடையாது. அலகுக்கு மைக்ரோன் என்ற தனிப்பெயர் 1879 முதல் இருந்தது. 1967இல் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் அலகும் கருவியும் ஒரே ஓசைக்கு வந்துவிட்டன. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலாவது கொஞ்சம் மாறும். தமிழ் எழுத்தில் அந்த உதவியும் இல்லை.

ஆனால் நம்மிடம் வழி இருக்கிறது. கருவியின் பெயரில் வரும் மீற்றரைத் தமிழில் மானி என்கிறோம்: வெப்பமானி, அமுக்கமானி. பௌதிகவியலில் நுண்மானித் திருகுக் கணிச்சியைப் பிடித்த பிள்ளைக்கு நுண்மானி புதிய சொல்லும் அல்ல. எனவே கருவி என்றால் நுண்மானி, அலகு என்றால் மைக்கிரோமீற்றர். நுணுக்குக்காட்டி மேடையில் வைக்கும் கண்ணாடி வழுக்கி, மேடை நுண்மானி. பார்வைத்துண்டுக்குள் இருப்பதை நுண்மானி என்று சொல்லாமல் பார்வைத்துண்டு அளவிடை என்றே எழுத விரும்புகிறேன். தனியாக நின்று அது எதையும் அளப்பதில்லை.

ஏன் அளப்பதில்லை? பொருள்வில்லை உண்டாக்கும் விம்பம் விழும் தளத்தில்தான் இந்த வட்டு உட்கார்ந்திருக்கிறது. பொருள்வில்லையை 10 மடங்கிலிருந்து 40 மடங்குக்குத் திருப்பினால் கலம் நான்கு மடங்கு பெரிதாகித் தெரியும், அளவிடையின் கோடுகளோ அசையாமல் அதே இடைவெளியில் நிற்கும். அதனால் ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் ஒரு பிரிவின் பெறுமானம் வேறு. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை அளவுத்திருத்தம் என்கிறார்கள். இங்கே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, பெறுமானம் காண்பது மட்டுமே.

மேடை நுண்மானியில் வழக்கமாக 1 மில்லிமீற்றர் நீளம் 100 பிரிவுகளாகக் கீறப்பட்டிருக்கும். ஒரு பிரிவு 10 மைக்கிரோமீற்றர். வெறுங்கண்ணுக்கு அது வழுக்கியின் நடுவில் ஒரு தூசுபோலத்தான் தெரியும், சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். முதலில் 4 மடங்குப் பொருள்வில்லையில் அந்த வட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோடுகள் வெளிச்சத்தில் கரைந்துபோனால் மேடைக்குக் கீழுள்ள கதவைச் சற்று மூடினால் கறுப்பாக எழும்பும். இரண்டு அளவிடைகளில் எது எது என்று குழம்பினால் பார்வைத்துண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள்: கூடச் சுழல்வது உள்ளே இருப்பது, அப்படியே நிற்பது மேடையில் இருப்பது. இரண்டும் சமாந்தரமாக வரும்வரை சுழற்றி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வழுக்கியை நகர்த்த வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 10 மடங்குப் பொருள்வில்லையில் இரண்டின் பூச்சியக் கோடுகளையும் பொருத்தியாயிற்று. வேணியரில் செய்வதுபோல், வலப்பக்கம் தூரத்தில் மறுபடி சரியாகப் பொருந்தும் கோட்டைத் தேடுகிறோம். பார்வைத்துண்டின் 80ஆம் கோடு மேடையின் 78ஆம் கோட்டில் படிகிறது. 78 பிரிவு என்றால் 780 மைக்கிரோமீற்றர். அதை 80ஆல் வகுத்தால் ஒரு பிரிவு 9.75. இனி 40 மடங்கு. இங்கே பார்வைத்துண்டின் 90ஆம் கோடு மேடையின் 22இல் படிகிறது. 220ஐ 90ஆல் வகுக்க 2.44. முதல் விடை இரண்டாவதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்க வேண்டும், இருக்கிறது. கொஞ்சம் விலகினால் பரவாயில்லை, பொருள்வில்லையில் பொறித்த 40 அச்சொட்டாக 40ஆக இருப்பதில்லை. மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று வந்தால் கோடுகளை எண்ணுவதில் பிழை.

40 மடங்கில் மேடைக் கோடுகளே தடித்த பட்டைகளாகத் தெரியும். பட்டையின் இடது விளிம்பில் தொடங்கினால் முடிவிலும் இடது விளிம்பையே எடுக்க வேண்டும். பக்கத்தில் பொருந்தும் கோட்டோடு திருப்திப்பட்டால் அரைப் பிரிவுப் பிழைகூடப் பெறுமானத்தைப் பெரிதாக மாற்றிவிடும். நீண்ட தூரம் எடுத்தால் அதே பிழை பல பிரிவுகளுக்குப் பகிர்ந்து தேய்ந்துபோகும்.

இப்போது மேடை நுண்மானியைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நிலாவெளிச் சின்ன வெங்காயத்தின் உட்தோலை வைக்கலாம். கலத்தின் அகலம் 40 மடங்கில் 24 பிரிவு: 24ஐ 2.44ஆல் பெருக்க 58.6, அதாவது 59 மைக்கிரோமீற்றர். நீளத்தை 40 மடங்கில் எடுக்கப் போனால் கலம் 100 பிரிவையும் தாண்டி ஓடுகிறது. 10 மடங்குக்கு இறங்கினால் 27 பிரிவு, 9.75ஆல் பெருக்க 263 மைக்கிரோமீற்றர். அகலத்தை இங்கேயும் பார்த்தால் 6 பிரிவு வரும், 58.5. இரண்டு பொருள்வில்லையிலும் ஒரே கலம் ஒரே அளவு காட்டுகிறது. பெறுமானம் சரி என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. ஆனால் 10 மடங்கில் அரைப் பிரிவு பிசகினாலே 5 மைக்கிரோமீற்றர் போய்விடும் என்பதால் அகலத்துக்கு 40 மடங்கு வாசிப்பையே வைத்துக்கொள்ள வேண்டும். தசமத்துக்குப் பின்னால் எழுதுவதற்கு அதிலும் இடமில்லை.

பிழையான பெறுமானத்தால் பெருக்குவதும் நடக்கும். 40 மடங்கில் எண்ணிய 24ஐ 9.75ஆல் பெருக்கினால் 234 வரும். நீளம் 263, அகலம் 234 என்றால் ஏறக்குறைய சதுரக் கலம். கண்ணுக்குத் தெரிவது நீண்ட செங்கல் வடிவம் என்பதால் அங்கேயே பிடித்துவிடலாம்.

இந்தப் பெறுமானங்கள் அந்த ஒரு நுணுக்குக்காட்டிக்கு, அந்தப் பார்வைத்துண்டோடு மட்டுமே செல்லும். ஆய்வுகூடத்தில் பார்வைத்துண்டுகள் மேசைக்கு மேசை இடம்மாறுவது சகஜம். கருவியின் கையில் ஒரு சிறு தாள் ஒட்டி, 4, 10, 40 மூன்றுக்கும் பெறுமானத்தை எழுதி, எந்தப் பார்வைத்துண்டு என்ற அடையாளத்தையும் சேர்த்துவிட்டால் அடுத்த வகுப்புக்கு மேடை நுண்மானியை வெளியே எடுக்கத் தேவையிருக்காது.